நூல் காட்டியது 75, வாங்க வேண்டியது 72: இரண்டு புல்லிகளுக்கு பெல்ட் நீளம் கணக்கிடுவது

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். படகு நின்றால் ஐஸ் உடைக்கிற மிஷினும் நிற்கும். மண்டபம் ஊரில் அப்படி இரண்டு மாதம் சும்மா கிடந்த ஒரு மிஷினை ஜூன் இரண்டாம் வாரத்தில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டு பெல்ட்களில் ஒன்று அறுந்தது, மற்றதில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதன் மேல் அச்சடித்திருந்த நம்பர் தேய்ந்து போயிருந்தது. மிஷின்காரர் என்னைக் கூப்பிட்டார்.

நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். வலை பின்னும் நூலை எடுத்து, மோட்டார் புல்லியையும் மிஷின் புல்லியையும் சேர்த்து வெளியே ஒரு சுற்று சுற்றி, முடிச்சிட்ட இடத்தில் வெட்டி, டேப்பில் வைத்து அளந்தேன். 1905 மி.மீ. வந்தது. 25.4 ஆல் வகுத்தால் சரியாக 75 அங்குலம். ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறி, "பி செக்‌ஷன், 75, ரெண்டு குடுங்க" என்று வாங்கி வந்தேன்.

மாட்டியபோது கையால் தள்ளியே ஏறிவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மோட்டாரைப் பின்னால் இழுத்து இறுக்கப் பார்த்தால், அடித்தகட்டில் உள்ள நீள்துளை 20 மி.மீ.யிலேயே முடிந்துவிட்டது. பெல்ட் இன்னும் தொளதொளவென்று தொங்கியது. "ஓட்டித்தான் பாரு தம்பி" என்றார் மிஷின்காரர். ஐஸ் கட்டி உள்ளே விழுந்ததும் மோட்டார் ஓடியது, மிஷின் ஓடவில்லை. ரப்பர் கருகிய வாசனைதான் மிச்சம்.

நூல் பொய் சொல்லவில்லை. நூல் சொன்னது ஒரு நீளம், கடைக்காரர் கொடுத்தது வேறொரு நீளம். இரண்டுக்கும் 'பெல்ட் நீளம்' என்றே பெயர் இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அதைப் புரிந்துகொள்ள முதலில் கணக்கைப் பார்ப்போம்.

இரண்டு புல்லியும் ஒரே அளவு என்று முதலில் வைத்துக்கொள்வோம். இரண்டு குடங்களைச் சற்றுத் தள்ளி வைத்து, சுற்றி ஒரு கயிறு கட்டியதுபோல. கயிறு மேலே ஒரு நேர்க்கோடாகவும் கீழே ஒரு நேர்க்கோடாகவும் போகும். ஒவ்வொரு நேர்க்கோட்டின் நீளமும் இரண்டு மையங்களுக்கு இடையே உள்ள தூரம்தான். மீதி, ஆளுக்குப் பாதி வட்டம். இரண்டு பாதியைச் சேர்த்தால் ஒரு முழு வட்டம், அதாவது விட்டத்தை 3.1416 ஆல் பெருக்கினால் வருவது. ஆக, மைய தூரத்தில் இரண்டு பங்கும் ஒரு வட்டச் சுற்றளவும் சேர்ந்தால் பெல்ட் நீளம். அவ்வளவுதான்.

புல்லிகள் வேறு வேறு அளவாக இருந்தால்? பெரியதில் பாதி வட்டம், சிறியதில் பாதி வட்டம் என்று எடுத்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஆனால் இரண்டு சின்ன மாற்றங்கள் நடக்கின்றன. நேராகப் போன பெல்ட் இப்போது சாய்ந்து போகிறது. புல்லியைத் தொடும் இடங்கள் நகர்வதால் அந்தச் சாய்ந்த பகுதி மைய தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதே நேரம், பெரிய புல்லியைப் பாதிக்கு மேல் தழுவுகிறது, சிறியதைப் பாதிக்கும் குறைவாகத் தழுவுகிறது. பெரியதில் கூடுகிற நீளம் சிறியதில் குறைகிற நீளத்தைவிட அதிகம். நேர்ப்பகுதியில் ஒரு பங்கு குறைந்தால், தழுவலில் ஏறக்குறைய இரண்டு பங்கு கூடுகிறது. கழித்தால் ஒரு பங்கு மிச்சம். அந்த ஒரு பங்குதான் சூத்திரத்தின் கடைசி உறுப்பு:

```
L = 2C + 1.5708 (D + d) + (D - d)² / (4C)
```

L பெல்ட் நீளம், C மைய தூரம், D பெரிய புல்லியின் விட்டம், d சிறிய புல்லியின் விட்டம். 1.5708 என்பது 3.1416 இல் பாதி. இரண்டு புல்லியும் ஒன்றாக இருந்தால் கடைசி உறுப்பு பூச்சியமாகி, குடக் கணக்கே திரும்பி வந்துவிடும். சூத்திரத்தை மறந்துபோனால் அந்தக் குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டு உறுப்புகள் தானாக வந்துவிடும்.

இனி அளவெடுப்பது. மைய தூரத்தை மையத்திலிருந்து மையத்துக்கு டேப் வைத்து எடுப்பது கஷ்டம். ஷாப்ட் முனையில் நடுப்புள்ளி எது என்று கண்ணால் குறிப்பதிலேயே ஐந்தாறு மி.மீ. போய்விடும். இரண்டு ஷாப்ட்களுக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தை அளந்து, ஒவ்வொரு ஷாப்ட்டிலும் பாதி விட்டத்தைக் கூட்டுவது நல்லது. இந்த மிஷினில் இடைவெளி 566. மோட்டார் ஷாப்ட் 28, மிஷின் ஷாப்ட் 40. ஆக 566 + 14 + 20 = 600 மி.மீ. அளக்கும்போது மோட்டார் நீள்துளையில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

புல்லி விட்டத்துக்கு காலிப்பர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் விளிம்பைச் சுற்றி நூல் விட்டு, நீளத்தை 3.1416 ஆல் வகுக்கலாம். தங்கூசி வேண்டாம், இழுத்தால் நீளும். பருத்தி நூலோ முறுக்கிய வலை நூலோ போதும். மோட்டார் புல்லியில் 418 வந்தது, வகுத்தால் 133. மிஷின் புல்லியின் விளிம்பு விட்டம் 308.

இந்த 133ஐயும் 308ஐயும் அப்படியே சூத்திரத்தில் போட்டால் என்ன வரும் தெரியுமா? 1200 + 693 + 13, கிட்டத்தட்ட 1906. நூல் காட்டிய அதே 75 அங்குலம். சூத்திரம் தெரிந்தும் தப்பாகத்தான் வாங்கியிருப்பேன்.

காரணம் வி-பெல்ட்டின் உடம்பில் இருக்கிறது. அறுந்த பெல்ட்டின் குறுக்குவெட்டைப் பாருங்கள். பி செக்‌ஷன் என்றால் மேல்பக்கம் 17 மி.மீ. அகலம், உயரம் 11 மி.மீ. மேலிருந்து கீழே குறுகிக்கொண்டே போகும். அதன் உள்ளே, மேல்பக்கத்துக்குச் சற்றுக் கீழே, வெள்ளையாக இழைகள் வரிசையாக ஓடுவது தெரியும். இழுவையைத் தாங்குவது அந்த இழைகள்தான், மற்ற ரப்பர் எல்லாம் துணைக்கு. பெல்ட் புல்லியில் வளையும்போது இழைக்கு மேலே உள்ள ரப்பர் நீள்கிறது, கீழே உள்ளது சுருங்குகிறது, இழை மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. எனவே புல்லியின் உண்மையான விட்டம் என்பது இழை ஓடுகிற வட்டத்தின் விட்டம். பிட்ச் விட்டம் என்று சொல்வது இதைத்தான்.

புதுப் பெல்ட்டின் மேல்பக்கம் புல்லி விளிம்போடு ஏறக்குறைய சமமாக உட்காரும். பி பெல்ட்டில் இழை அதற்குச் சுமார் 4.2 மி.மீ. கீழே ஓடுகிறது. விட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 8.4 குறையும். 133 என்பது 125 ஆகவும், 308 என்பது 300 ஆகவும் மாறும். இவற்றைப் போட்டால்:

```
2C            = 2 × 600             = 1200
1.5708(D+d)   = 1.5708 × 425        =  667.6
(D-d)²/(4C)   = 175 × 175 / 2400    =   12.8
L                                   = 1880.4
```

1880 மி.மீ. இதுதான் இழையின் நீளம், அதாவது பிட்ச் நீளம். 25.4 ஆல் வகுத்தால் 74. சரி, 74 வாங்கலாமா? அதுவும் கூடாது. ஏ, பி, சி என்று வருகிற பழைய வகை வி-பெல்ட்களில் எழுத்துக்குப் பின்னால் வருகிற நம்பர், பெல்ட்டின் உள்பக்க நீளம், அங்குலத்தில். பி 72 என்றால் அடிப்பக்கத்தைச் சுற்றி அளந்தால் 72 அங்குலம், அதாவது 1829 மி.மீ. பல பெல்ட்களில் பக்கத்திலேயே மி.மீ. கணக்கும் இருக்கும். அதன் பின்னால் எல்ஐ என்று இருந்தால் உள்நீளம், எல்பி என்று இருந்தால் பிட்ச் நீளம்.

இழை நீளத்திலிருந்து உள்நீளத்துக்கு வர பி செக்‌ஷனுக்கு 43 மி.மீ. கழிக்க வேண்டும். ஏ செக்‌ஷனுக்கு 36, சிக்கு 56. கேட்டலாக்கில் இந்த எண்கள் இருக்கும். ஆனால் 43 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மறக்காது.

நம் பக்கத்தில் ஊருணி இல்லாத ஊர் குறைவு. ஓர் ஊருணியின் கரையைத் தண்ணீர் ஓரமாகவே ஒரு சுற்று நடந்து வருகிறீர்கள். அடுத்த சுற்றில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி நடக்கிறீர்கள். எவ்வளவு கூடுதலாக நடந்திருப்பீர்கள்? 6.28 மீட்டர். ஊருணி சின்னதா பெரியதா, வட்டமா நீளமா என்பது ஒரு பொருட்டே இல்லை. நேரான கரையில் தள்ளி நடந்தால் தூரம் கூடாது, திரும்புகிற இடத்தில் மட்டுமே கூடும். எந்த வடிவமானாலும் மொத்தத்தில் நாம் திரும்புவது ஒரே ஒரு முழு வட்டம். அதனால் எத்தனை தள்ளி நடக்கிறோமோ அதைப்போல் 6.28 மடங்கு கூடும்.

பெல்ட்டிலும் இதே கதை. பி பெல்ட் உயரம் 11. மேலிருந்து இழை 4.2 என்றால், அடியிலிருந்து இழை 6.8. அதை 6.28 ஆல் பெருக்கினால் 42.7. அதுதான் அந்த 43. புல்லி சிறியதோ பெரியதோ, மைய தூரம் எத்தனையோ, பி பெல்ட்டுக்கு இது மாறாது. 1880 இல் 43 போக 1837. அங்குலத்தில் 72.3.

இப்போது என் நூல் செய்த வேலையும் புரியும். நூல் புல்லி விளிம்பில் ஓடியது. பெல்ட்டின் மேல்பக்கம் அங்கேதான் ஓடும். ஆகவே நூல் காட்டியது பெல்ட்டின் வெளிநீளம். வெளியிலிருந்து உள்ளே வர முழு உயரமான 11ஐ 6.28 ஆல் பெருக்க வேண்டும், 69 மி.மீ. 1905 இல் 69 போக 1836. சூத்திரம் சொன்னதற்கும் இதற்கும் ஒரே ஒரு மி.மீ. வித்தியாசம். நூல் முறை மோசமான முறை அல்ல, கடைசியில் கழிக்க மறந்ததுதான் மோசம். ஏ பெல்ட்டுக்கு உயரம் 8, கழிக்க வேண்டியது 50. சி பெல்ட்டுக்கு உயரம் 14, கழிக்க வேண்டியது 88. அங்குலத்தில் சொன்னால் ஏக்கு 2, பிக்கு இரண்டே முக்கால், சிக்கு மூன்றரை. அறுந்த பழைய பெல்ட்டை நீட்டி வைத்து மேல்பக்கத்தில் அளந்தாலும் இதே கழிவுதான். ஆனால் பழைய பெல்ட் ஓடி ஓடி நீண்டிருக்கும் என்பதால் நான் அதை நம்புவதில்லை, ஒத்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன்.

எஸ்பிஏ, எஸ்பிபி என்று வருகிற ஒடுக்கமான பெல்ட்களில் இந்தக் கழித்தல் கிடையாது. அவற்றின் நம்பரே மி.மீ.யில் பிட்ச் நீளம். எழுத்தைப் பார்க்காமல் நம்பரை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்வோம்.

72.3 என்று ஒரு பெல்ட் கடையில் இல்லை. 72 அல்லது 73. இங்கேதான் குறித்து வைத்த மோட்டார் இடம் உதவும். பெல்ட் நீளம் எவ்வளவு மாறுகிறதோ, மைய தூரம் அதில் பாதி மாறும். மேலும் கீழும் இரண்டு நேர்ப்பகுதிகள் அந்த வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றனவே. 72 என்றால் பிட்ச் நீளம் 1829 + 43 = 1872, நமக்குத் தேவையானதைவிட 8 குறைவு, மோட்டார் 4 மி.மீ. மிஷினை நோக்கி வரும். 73 என்றால் 17 அதிகம், மோட்டார் எட்டரை மி.மீ. பின்னால் போக வேண்டும். எனக்கு எப்போதும் குட்டையானது பிடிக்கும். பெல்ட் நாளடைவில் நீளும், அப்போது பின்னால் இழுக்க இடம் மிச்சம் இருக்க வேண்டும். நான் வாங்கிய 75இன் பிட்ச் நீளம் 1948. அதற்கு மைய தூரம் 634 ஆக வேண்டும். மோட்டார் 34 போக வேண்டிய இடத்தில் துளை இருந்தது 20.

ஆனால் குட்டையாக எடுப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பெல்ட்டை மாட்ட மோட்டாரை முன்னால் தள்ள இடம் வேண்டும். எவ்வளவு? விளிம்பைச் சுற்றிய நீளம் 1905. பெல்ட்டின் உள்நீளம் 1829. வித்தியாசம் 76. அதில் பாதி, 38 மி.மீ. மோட்டார் முன்னே வந்தால் பெல்ட் எந்தப் பலவந்தமும் இல்லாமல் விளிம்பைத் தாண்டி விழும். அந்த இடம் இல்லாதபோதுதான் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புகிறார்கள். நெம்பி ஏற்றிய பெல்ட் அன்றைக்கு ஓடும். உள்ளே இரண்டு இழை அறுந்திருப்பது வெளியே தெரியாது. சில வாரத்தில் பெல்ட் ஒரு பக்கமாகப் புரண்டு தலைகீழாக ஓட ஆரம்பித்தால், மாட்டிய கையைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அந்த 600ஐ நான் அளந்தபோது மோட்டார் துளையின் நடுவைத் தாண்டிப் பின்பக்கமாகவே இருந்தது. முன்னால் 45 மி.மீ. வரை வர முடிந்தது. அதனால் பி 72 இரண்டு. ஒன்றுதானே அறுந்தது, வெடித்தது இன்னும் ஒரு மாதம் ஓடாதா என்றார் மிஷின்காரர். ஓடாது. பழையது நீண்டிருக்கும், புதியது குட்டையாக இருக்கும், பாரம் முழுவதும் புதியதன் தலையில் விழும். புல்லியில் பெல்ட் உட்காரும் பள்ளம், அதாவது காடி, இரண்டு என்றால் இரண்டு பெல்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், முடிந்தால் ஒரே கம்பெனி, ஒரே கட்டில் இருந்து.

சூத்திரத்தை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு சந்தேகம் வரலாம், கடைசி உறுப்பு தோராயமானது என்பதால். இந்த மிஷினில் துல்லியமான கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மி.மீ.யில் ஐம்பதில் ஒரு பங்குதான். 600 விட்டப் பெரிய புல்லியையும் 100 விட்டச் சிறிய புல்லியையும் வெறும் 400 மி.மீ. தூரத்தில் வைத்தால் 6 மி.மீ. பிசகும். ஆனால் அப்படி வைத்தால் சிறிய புல்லியை பெல்ட் 103 பாகைதான் தழுவும், வழுக்கிக்கொண்டே இருக்கும். நீளத்தைத் திருத்துவதற்கு முன் புல்லி வைத்த இடத்தைத்தான் திருத்த வேண்டும். நம் மிஷினில் தழுவல் 163 பாகை, கவலை இல்லை.

தட்டை பெல்ட் ஓடுகிற பழைய என்ஜின்களுக்கும் இதே சூத்திரம்தான். அங்கே காடி இல்லை, விளிம்பு விட்டத்தோடு பெல்ட்டின் தடிமனை ஒரு தடவை கூட்டிக்கொண்டால் போதும். புல்லி எதிர்ப்பக்கம் சுற்றுவதற்காக பெல்ட்டை எட்டு வடிவில் குறுக்கே போட்டிருந்தால், கடைசி உறுப்பில் கழித்தலுக்குப் பதில் (D + d)² வரும்.

கணக்கைவிட இந்தக் கடற்கரையில் என்னை அதிகம் ஏமாற்றியது துருதான். இரண்டு மாதம் உப்புக் காற்றில் நின்ற புல்லியின் காடி உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகிவிடும். அப்படியே பெல்ட் போட்டு ஓட்டினால் பெல்ட்டின் பக்கங்களை அரைத்துவிடும். வருஷக்கணக்கில் அரைபட்டு அகன்ற காடியில் புதுப் பெல்ட்கூட விளிம்புக்குக் கீழே இறங்கி உட்காரும். இறங்கினால் இழை ஓடும் வட்டம் சுருங்கும், நாம் கழித்த 4.2 பொய்யாகிவிடும். கண்டுபிடிப்பது எளிது. ஒரு துண்டு புதுப் பெல்ட்டைக் காடியில் அமுக்கிப் பாருங்கள், மேல்பக்கம் விளிம்போடு நிற்க வேண்டும். காடியின் அடித்தளம் பளபளவென்று தேய்ந்திருந்தால், பெல்ட் பக்கங்களில் கவ்வாமல் அடியில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நீளம் மாற்றிப் பயனில்லை, புல்லியை மாற்ற வேண்டும். இந்தப் புல்லிகள் தப்பின. கம்பித் தூரிகையும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்ததோடு சரியானது.

இரண்டாம் முறை ராமநாதபுரம் போய்வந்து பி 72களை மாட்டினேன். மோட்டாரை முன்னால் தள்ளியதும் இரண்டும் கையாலேயே விழுந்தன, பின்னால் இழுத்ததும் இறுகின. நேர்ப்பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்கியது. ஷாப்ட் இடைவெளியை மறுபடி அளந்தேன், 562. கணக்கு சொன்ன அதே 4 மி.மீ. ஐஸ் கட்டி விழுந்தபோது மிஷின் திணறியது, நிற்கவில்லை. மறுநாள் மாலை வந்து இன்னொரு மி.மீ. இழுத்துவிட்டேன், புதுப் பெல்ட் முதல் நாள் ஓட்டத்தில் காடியில் படிந்து கொஞ்சம் தளரும்.

போகும் முன் பெல்ட் மூடியைத் திருப்பி, உள்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதி வைத்தேன்: பி 72, இரண்டு, மைய தூரம் 596. வெளிப்பக்கத்தில் எழுதினால் அடுத்த தடைக்காலத்துக்குள் உப்புக் காற்று தின்றுவிடும்.